நொதி வளைவைப் பொருத்தும்போது: எங்கிருந்து தொடங்குவது, எப்போது நம்புவது?

ஆய்வகத்தில் எடுத்த அளவீடுகளுக்கு ஒரு வளைவைப் பொருத்தச் சொன்னால், மென்பொருள் முதலில் நம்மிடமே கேட்கிறது: "தொடக்க மதிப்புகள் என்ன?" விடை தெரியாததால்தானே கணக்குப் போடுகிறோம், அதையே முன்கூட்டிக் கேட்டால் எப்படி என்று சிலர் திகைக்கிறார்கள். நாம் கொடுக்கும் எண் விடையைத் தன் பக்கம் இழுத்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். இன்னும் சிலர் எல்லாவற்றுக்கும் 1 என்று போட்டுவிட்டு, 'குவிந்தது' என்ற செய்தி வந்ததும் விடையைக் குறித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கணக்கு உள்ளே எப்படி நடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் இந்த மூன்றுக்கும் இடமிருக்காது.

உதாரணத்துக்கு, புள்ளியியல் கணக்குகளுக்குப் பயன்படும் ஆர் என்ற நிரல்மொழியுடனேயே வரும் `Puromycin` என்ற தரவை எடுத்துக்கொள்வோம். பியூரோமைசின் என்ற மருந்து கொடுக்கப்பட்ட செல்களிலும் கொடுக்கப்படாத செல்களிலும் ஒரு நொதி வினையின் வேகத்தை அளந்த தரவு அது. நமக்கு மருந்து கொடுக்கப்பட்ட பகுதி போதும். மொத்தம் 12 அளவீடுகள். ஆறு செறிவுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு முறை.

| செறிவு | வேகம் (இரு அளவீடுகள்) |
|---|---|
| 0.02 | 76, 47 |
| 0.06 | 97, 107 |
| 0.11 | 123, 139 |
| 0.22 | 159, 152 |
| 0.56 | 191, 201 |
| 1.10 | 207, 200 |

## வளைவு சொல்வது என்ன?

நொதி எதன்மீது வினைபுரிகிறதோ அதற்குத் தளப்பொருள் என்று பெயர். தளப்பொருளின் செறிவு குறைவாக இருக்கும்போது பெரும்பாலான நொதி மூலக்கூறுகள் வேலையில்லாமல் இருக்கும். கொஞ்சம் கூட்டினாலும் வேகம் சட்டென்று ஏறும். செறிவு கூடக்கூட எல்லா நொதி மூலக்கூறுகளும் ஏதாவது ஒரு தளப்பொருளைப் பிடித்தபடியே இருக்கும். அதற்குமேல் எவ்வளவு ஊற்றினாலும் வேகம் ஏறாது. இப்படி ஏறி, வளைந்து, ஒரு உச்சத்தை நெருங்கும் கோடுதான் தெவிட்டல் வளைவு. மேலே உள்ள அட்டவணையிலேயே அது தெரிகிறது: 0.02இலிருந்து 0.06க்குப் போகும்போது சராசரி வேகம் 61.5இலிருந்து 102க்குத் தாவுகிறது, 0.56இலிருந்து 1.10க்குச் செறிவு ஏறக்குறைய இரட்டிப்பானாலும் வேகம் 196இலிருந்து 203.5 வரைதான் நகர்கிறது.

1913இல் மைக்கேலிஸ், மென்டன் இருவரும் வெளியிட்ட ஆய்வின் பெயரால் வழங்கும் சமன்பாடு இது:

```
v = V * x / (K + x)
```

x என்பது செறிவு, v என்பது வேகம். V என்பது எட்டக்கூடிய உச்ச வேகம். K என்பது அந்த உச்சத்தில் சரிபாதி வேகம் கிடைக்கும் செறிவு. x-க்குப் பதில் K-யைப் போட்டுப் பார்த்தால் v பாதி V ஆகிவிடும். V, K இரண்டும் நாம் கண்டுபிடிக்க வேண்டிய பண்பளவைகள், அதாவது தரவிலிருந்து மதிப்பிட வேண்டிய மாறிலிகள்.

## மீச்சிறு வர்க்கம்: எதைக் குறைக்கிறோம்?

V, K இரண்டுக்கும் ஏதோ இரு எண்களை வைத்தால் ஒரு வளைவு கிடைக்கும். ஒவ்வொரு அளவீடும் அந்த வளைவிலிருந்து கொஞ்சம் மேலேயோ கீழேயோ விலகி நிற்கும். அந்த விலகல்தான் எச்சம். எல்லா எச்சங்களையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் வரும் எண்ணை S என்போம். S மிகச் சிறியதாக இருக்கும்படி V, K இரண்டையும் தேர்வதே மீச்சிறு வர்க்க முறை.

இதில் 'நேரியலற்ற' என்ற அடைமொழி எங்கிருந்து வருகிறது? கோடு வளைந்திருப்பதால் என்று பலரும் நினைக்கிறார்கள். கோட்டின் வடிவத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. பண்பளவை சமன்பாட்டில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. V வெளியே நின்று பெருக்குகிறது. V-யை இரட்டித்தால் வளைவு முழுவதும் இரட்டிக்கும். அது நேரியல். K பின்னத்தின் கீழ்ப்பகுதியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதை இரட்டித்தால் குறைந்த செறிவில் வேகம் ஏறக்குறைய பாதியாகும், உயர்ந்த செறிவில் கிட்டத்தட்ட எதுவுமே ஆகாது. இந்த ஒரு K-யால்தான் சூத்திரத்தில் எண்களைப் போட்டு ஒரே வீச்சில் விடை காண முடியாமல் போகிறது. கணினி ஓரிடத்தில் தொடங்கிப் படிப்படியாகத்தான் நகர வேண்டியிருக்கிறது.

பழைய வானொலிப் பெட்டியில் குமிழைத் திருகி நிலையம் பிடிப்பதைப் போன்றது இந்தத் தேடல். நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தால், சற்றுத் திருப்பியதுமே ஒலி தெளிகிறதா மங்குகிறதா என்று காது சொல்லிவிடும். வெகுதூரத்தில் இருந்தால் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே இரைச்சல்தான். இங்கே குமிழ்கள் இரண்டு; காது செய்யும் வேலையை S செய்கிறது.

இதுவரை: V, K இரண்டையும் மாற்றி S-ஐக் குறைக்க வேண்டும். K-யால் அது படிப்படியான தேடலாகிறது. தேடல் தொடங்கும் இடம்தான் தொடக்க மதிப்பு.

## ஒரு படி எப்படி எடுக்கப்படுகிறது?

பரவலாகப் பயன்படும் முறை காஸ்–நியூட்டன் முறை. இப்போது நிற்கும் இடத்தில், V-யைச் சற்று நகர்த்தினால் வளைவு எப்படி மாறும், K-யைச் சற்று நகர்த்தினால் எப்படி மாறும் என்று கணினி பார்க்கிறது. அந்தச் சிறு மாற்றங்கள் எவ்வளவு தூரம் போனாலும் அதே வீதத்தில் தொடரும் என்று தற்காலிகமாக வைத்துக்கொள்கிறது. அப்படி வைத்துக்கொண்டால் கணக்கு சாதாரண நேரியல் கணக்காகிவிடும். அதைத் தீர்த்து, கிடைத்த அளவுக்கு V, K இரண்டையும் நகர்த்துகிறது. புதிய இடத்தில் மறுபடியும் இதே வேலை.

நல்ல இடத்தில் தொடங்கினால் இது வியக்கத்தக்க வேகத்தில் முடியும். V = 205, K = 0.06 என்று தொடங்குவோம். அங்கே S சுமார் 1376. முதல் படியிலேயே V 212.4க்கும் K 0.0637க்கும் போய், S சுமார் 1196 ஆகிவிடுகிறது. இறுதி விடை V = 212.7, K = 0.0641, S = 1195.4. ஒரே தாவலில் வாசல்வரை வந்துவிட்டோம்.

இப்போது V = 200, K = 1 என்று தொடங்கிப் பார்ப்போம். K-க்கு 1 என்பது பார்வைக்கு ஒன்றும் விபரீதமான எண் இல்லை. ஆனால் காஸ்–நியூட்டன் கணக்கு சொல்லும் முதல் படி V-யை −418க்கும் K-யை −7.2க்கும் கொண்டுபோகிறது! எதிர்ம வேகம், எதிர்மச் செறிவு.

காரணம் இதுதான். K = 1 என்றால், நம் அளவீடுகள் கிட்டத்தட்ட எல்லாம் K-க்குக் கீழே, வளைவு இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் பகுதியில் இருப்பதாகப் பொருள். அந்தப் பகுதியில் V-யைக் கூட்டுவதும் K-யைக் குறைப்பதும் வளைவை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் உயர்த்தும். எதைச் செய்வது என்று பிரித்தறிய முடியாத இடத்தில், இரண்டுக்கும் உள்ள மிகச்சிறு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு கணக்கு மாபெரும் படியைப் பரிந்துரைக்கிறது.

மென்பொருள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதில்லை. புதிய இடத்தில் S கூடியிருந்தால் படியைப் பாதியாக்கும். அதுவும் உதவாவிட்டால் மறுபடி பாதி. இந்த உதாரணத்தில் முழுப்படி, அரை, கால், அரைக்கால் எல்லாவற்றிலும் S கூடுகிறது. பதினாறில் ஒரு பங்குக்கு வந்த பிறகுதான் S சுமார் 1,27,400இலிருந்து 1,04,800க்கு இறங்குகிறது. அப்போது V = 161, K = 0.49. V இருந்த இடத்தைவிடத் தள்ளிப் போய்விட்டது என்பதைக் கவனியுங்கள்.

K-க்கு 60 போன்ற எண்ணைக் கொடுத்தால் (அலகைக் குழப்பிக்கொண்டால் இது எளிதில் நடக்கும்) நிலைமை இன்னும் மோசம். அங்கே வளைவு நம் செறிவு எல்லைக்குள் நேர்கோடாகவே தெரியும். V, K இரண்டின் விளைவையும் பிரிக்கவே முடியாது. ஆர் மொழியில் அடிக்கடி கண்ணில் படும் `singular gradient` என்ற செய்தி இதைத்தான் சொல்கிறது. செய்தியைப் பார்த்ததும் மென்பொருளைத் திட்டுவதற்கு முன், K-யின் அலகும் செறிவு நிரலின் அலகும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

## தொடக்க மதிப்பை எங்கிருந்து எடுப்பது?

முதல் வழி, தரவைப் பார்ப்பது. புள்ளிகளைத் தாளில் குறித்து, மேலே தட்டையாகும் உயரத்தைப் படியுங்கள்: 205 அளவில் இருக்கிறது. அதில் பாதி 102 சொச்சம். அந்த வேகம் எந்தச் செறிவில் கிடைக்கிறது? 0.06இல். முடிந்தது. பத்து வினாடி வேலை, விடைக்கு வெகு அருகில்.

இரண்டாவது வழி பாடப்புத்தகங்களில் வருவது. 1934இல் லைன்வீவர், பர்க் இருவரும் காட்டியபடி 1/v-ஐ 1/x-க்கு எதிராக வரைந்தால் வளைவு நேர்கோடாகிவிடும். நம் தரவில் அந்தக் கோட்டிலிருந்து V = 195.8, K = 0.0484 வருகிறது. தொடக்க மதிப்பாக இவை மிக நன்றாகவே பயன்படும். இதையே இறுதி விடையாக எழுதும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை என்பதுதான் வருத்தம்.

அதில் என்ன கோளாறு? 0.02 செறிவில் இரு அளவீடுகளுக்கும் இடைவெளி 29, 1.10இல் இடைவெளி 7. ஏறக்குறைய நான்கு மடங்கு. தலைகீழியாக்கிய பிறகு முதல் இடைவெளி 0.0081, இரண்டாவது 0.00017, ஏறக்குறைய 48 மடங்கு. மிகக் குறைந்த வேகத்தில் உள்ள சிறு பிழை இப்படிப் பூதாகரமாகி, கோடு முழுவதையும் தன் பக்கம் இழுத்துவிடுகிறது. அந்த V, K மதிப்புகளை அசல் வளைவில் வைத்துப் பார்த்தால் S = 1921; கடைசி நான்கு அளவீடுகளும் வளைவுக்கு மேலேயே நிற்கின்றன. உச்சத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று தரவே சொல்கிறது.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. V நேரியலாக இருக்கிறது என்று பார்த்தோம் அல்லவா? அப்படியானால் K-க்கு ஒரு மதிப்பை நிலையாக வைத்துவிட்டால், அதற்கேற்ற மிகச் சிறந்த V-யை ஒரே சூத்திரத்தில் பெற்றுவிடலாம். ஒவ்வொரு செறிவுக்கும் f = x/(K + x) என்று கணக்கிட்டு, f × v-களின் கூட்டுத்தொகையை f²-களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் போதும். ஆக, தேட வேண்டியது K ஒன்றைத்தான். சில மதிப்புகளை வரிசையாகப் போட்டுப் பார்ப்போம்:

| K | அதற்கேற்ற V | S |
|---|---|---|
| 0.03 | 186.4 | 4354 |
| 0.05 | 203.0 | 1577 |
| 0.064 | 212.6 | 1195 |
| 0.08 | 222.3 | 1525 |
| 0.10 | 233.0 | 2566 |

S இறங்கி, அடியைத் தொட்டு, மறுபடி ஏறுகிறது. பள்ளம் எங்கே இருக்கிறது, அது ஒன்றே ஒன்றுதானா, செங்குத்தானதா தட்டையானதா என்பதெல்லாம் இந்த ஐந்து வரிகளிலேயே தெரிந்துவிடுகிறது. விரிதாளில் செய்துவிடக்கூடிய வேலை இது. தொடக்க மதிப்பு விடையைச் சாய்த்துவிடும் என்ற அச்சத்துக்கும் இதுவே பதில். பள்ளம் தரவால் ஆனது. எந்தப் பக்கமிருந்து இறங்கினாலும் அதன் அடி மாறாது.

K எதிர்மமாகிவிடும் தொல்லை இருந்தால், K-க்குப் பதிலாக அதன் மடக்கையைத் தேடச் சொல்லலாம். மடக்கை எந்த எண்ணாக இருந்தாலும் K நேர்மமாகவே வரும்.

இதுவரை: வரைபடத்திலிருந்தோ, தலைகீழிக் கோட்டிலிருந்தோ, K-யை வரிசையாகப் போட்டுப் பார்த்தோ தொடங்கலாம். தலைகீழிக் கோடு தொடங்குவதற்கு மட்டும்.

## குவிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

ஆர் மொழியில் கட்டளை இவ்வளவுதான்:

```r
fit <- nls(rate ~ V * conc / (K + conc),
           data = Puromycin, subset = state == "treated",
           start = list(V = 205, K = 0.06), trace = TRUE)
summary(fit)
```

`trace = TRUE` என்று போட்டால் ஒவ்வொரு படியிலும் S எப்படி இறங்குகிறது என்று திரையில் பார்க்கலாம். எப்போதும் போட்டுவைப்பது நல்லது.

தேடல் ஒரு முடிவான இடத்துக்கு வந்து சேர்வதுதான் குவிதல். S இனிமேல் பெரிதாக மாறவில்லை என்பதை மட்டும் அதற்கு அடையாளமாகக் கொண்டால் ஏமாறலாம். படிகள் மிகச் சிறியதாகச் சுருங்கிப்போய் நகர முடியாமல் நின்றாலும் S மாறாதுதான். அதனால் `nls` வேறொரு கேள்வி கேட்கிறது: மீதியிருக்கும் எச்சங்களில், V-யையும் K-யையும் இன்னும் சற்று நகர்த்திச் சரிசெய்யக்கூடிய பங்கு எவ்வளவு, எதைச் செய்தும் சரிசெய்ய முடியாத பங்கு எவ்வளவு? பள்ளத்தின் அடியில் முதல் பங்கு சுழியாக வேண்டும். இரண்டின் விகிதம் 0.00001க்குக் கீழே போனால்தான், வேறு அளவு எதுவும் கொடுக்காதவரை, `nls` குவிந்ததாக ஏற்கிறது.

இந்த விதிக்கு ஒரு வேடிக்கையான பக்கவிளைவு உண்டு. முறையைச் சோதிக்க நினைக்கும் புதியவர்கள், பிழையே இல்லாத செயற்கைத் தரவைச் சூத்திரத்திலிருந்து உருவாக்கிக் கொடுப்பார்கள். விடை கச்சிதமாக வரும் என்று எதிர்பார்த்தால் பிழைச்செய்தி வந்து நிற்கும். எச்சமே இல்லாதபோது அந்த விகிதத்துக்குப் பொருளில்லை. சுழியைச் சுழியால் வகுத்த கதையாகிவிடும். செயற்கைத் தரவில் கொஞ்சம் தற்செயல் பிழையைச் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும்.

குவியாதபோது வரும் செய்திகளையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். `number of iterations exceeded maximum of 50` என்றால் 50 சுற்றுகளில் முடியவில்லை. எண்ணிக்கையை 500 ஆக்குவதற்கு முன், S இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இறங்காமல் அலைபாய்ந்தால் சுற்றுகளைக் கூட்டிப் பயனில்லை. `step factor ... reduced below 'minFactor'` என்றால் படியை 1/1024க்கும் கீழே பாதியாக்கியும் S இறங்கவில்லை. இரண்டுக்கும் நான் முதலில் செய்வது ஒன்றுதான்: மேலே சொன்ன K அட்டவணையைப் போட்டுப் பள்ளம் இருக்கிறதா என்று பார்ப்பது.

குவிந்த பிறகும் இரண்டு சோதனைகள் மிச்சம். ஒன்று, வேறு இடத்திலிருந்து தொடங்கிப் பார்ப்பது. 195.8, 0.0484 என்று தொடங்கினாலும் அதே 212.7, 0.0641, அதே 1195.4 வர வேண்டும்.

இன்னொன்று, S = 1195 என்பது நல்லதா கெட்டதா என்று கேட்பது. இங்கே இரட்டை அளவீடுகள் கைகொடுக்கின்றன. ஒரே செறிவில் எடுத்த இரண்டு அளவீடுகளும் தங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. அந்த முரண்பாட்டை மட்டும் கணக்கிட்டால் 697.5 வருகிறது, உலகத்தில் எந்த வளைவாலும் S-ஐ அதற்குக் கீழே கொண்டுபோக முடியாது. மீதி சுமார் 498தான் வளைவின் பொறுப்பு. முதலாவதற்கு ஆறு செறிவுகளிலிருந்து ஆறு விடுதலைப் படிகள், அதாவது சுயேச்சையான ஒப்பீடுகள். இரண்டாவதற்கு ஆறு சராசரிகளில் இரு பண்பளவைகள் போக நான்கு. வகுத்தால் 116ம் 124ம். இரண்டும் கிட்டத்தட்டச் சமம். வளைவு விலகும் அளவு, அளவீடே தடுமாறும் அளவுக்கு மேல் போகவில்லை.

## குவிந்தும் நம்ப முடியாத விடை

இப்போது அதே தரவில் முதல் மூன்று செறிவுகளை மட்டும் வைத்துக்கொண்டு, 0.11க்கு மேல் அளக்கவே இல்லை என்று கொள்வோம். அப்போதும் பள்ளம் இருக்கிறது; அதன் அடி V = 175, K = 0.039, S = 647. அட்டவணையைப் போட்டுப் பார்த்தாலும் ஒரே பள்ளம்தான். குவிதல் விதியைப் பொறுத்தவரை எந்தக் குறையும் இல்லை.

ஆனால் நாம் ஒதுக்கிவைத்த அளவீடுகளில் இந்த நொதி 207 வரை போயிருக்கிறது. 175 உச்சமாக இருக்கவே முடியாது.

இதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் உண்டு. K-யை 0.03இலிருந்து 0.05க்கு நகர்த்தினால் அதற்கேற்ற V 160இலிருந்து 192க்குப் போகிறது. S மட்டும் 710க்கும் 703க்கும் நடுவே சற்றே குழிந்து எழுகிறது. முழுத் தரவில் இதே நகர்வில் S 4354இலிருந்து 1577க்குச் சரிந்தது. பள்ளம் தாம்பாளம்போலத் தட்டையாகிவிட்டது. மதிப்பீடு எவ்வளவு தடுமாறும் என்பதைச் சொல்லும் திட்டப் பிழையிலும் இது தெரியும்: முழுத் தரவில் V-யின் திட்டப் பிழை 7, இங்கே சுமார் 27. V, K இரண்டும் ஒன்றையொன்று எவ்வளவு ஒட்டி நகர்கின்றன என்பதைக் காட்டும் ஒட்டுறவு முழுத் தரவில் சுமார் 0.77, இங்கே 0.94. எண் 1ஐ நெருங்கினால் இரண்டையும் தனித்தனியே அறியத் தரவு போதவில்லை என்று பொருள்.

K 0.064 ஆக இருக்கும்போது 0.11 என்ற செறிவு உச்ச வேகத்தில் 63 விழுக்காட்டைத்தான் எட்டும். வளைவு தட்டையாகும் பகுதியை நாம் பார்க்கவே இல்லை. அதன் உயரத்தை மட்டும் ஊகிக்கச் சொன்னோம். இப்படிப்பட்ட நிலையில் தொடக்க மதிப்பை மாற்றுவதாலோ, சுற்றுகளைக் கூட்டுவதாலோ, வேறு மென்பொருளுக்குப் போவதாலோ ஒன்றும் கிடைக்காது. K-யைப் போலப் பத்து மடங்கு செறிவில் இன்னும் இரண்டு அளவீடுகள் எடுத்து வர வேண்டியதுதான்.